ஒரே சொல்லில் ஒப்புதல் கிடைக்கும்படி கோரிக்கை எழுதுவது

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு மெஷின் ஷாப்பில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். மேலாளருக்கு விளக்கமாக மெயில் எழுதினால் பதிலே வருவதில்லை. சுருக்கமாக எழுதினால் நான்கு கேள்விகள் திரும்பி வருகின்றன. இப்போது இதை எழுதி வைத்திருக்கிறேன்: "சார், கம்ப்ரஸரில் ஆயில் டெம்பரேச்சர் அடிக்கடி ஏறுகிறது. சர்வீஸ் செய்தாக வேண்டும். இரண்டு கொட்டேஷன் இணைத்துள்ளேன். யாரிடம் கொடுக்கலாம், எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லவும்." அவர் ஒரே வார்த்தையில் அனுமதி தரும்படி இதை எப்படி மாற்றுவது?

பதில்:

உங்கள் மெயிலின் நீளத்தில் குறையில்லை. அதற்கு "சரி" என்று ஒருவர் பதில் எழுதினால் எதற்குச் சரி என்று யாராலும் சொல்ல முடியாது என்பதே குறை. ஒரு சொல் ஒப்புதலாக வேண்டுமானால், அந்தச் சொல் போய் ஒட்டிக்கொள்ள முழுமையான ஒரு வாக்கியம் உங்கள் மெயிலில் முன்பே இருக்க வேண்டும். மேலாளர் புதிதாக எதையும் எழுதுவதில்லை. நீங்கள் எழுதிய வாக்கியத்தின் கீழே கையெழுத்திடுகிறார். ஆகவே முதலில் எழுத வேண்டியது அவர் கையெழுத்திடப் போகும் வாக்கியம். பிரச்சினையின் வரலாறு அதற்குப் பிறகு வரட்டும்.

இது அலுவலகங்கள் நெடுங்காலமாக அறிந்த முறைதான். அரசுக் கோப்புகளில் குறிப்பு எழுதுபவர், தாம் முன்மொழிவது அடங்கிய பகுதியின் ஓரத்தில் ஓர் எழுத்தால் குறியிட்டு, "மேலே 'அ' எனக் குறியிட்ட பகுதிக்கு ஒப்புதல் வழங்கலாம்" என்ற பொருளில் குறிப்பை முடிப்பார். உயர் அலுவலர் அதன் கீழே கையொப்பமிட்டால் போதும், எது ஒப்புக்கொள்ளப்பட்டது என்பதில் ஐயம் எழாது. என் முதல் வேலையில் எனக்கு மேலிருந்தவர் இந்த வழக்கத்தைச் சொல்லித்தான் எனக்கு மெயில் எழுதக் கற்றுக்கொடுத்தார். பராமரிப்பில் பல ஆண்டுகள் கோரிக்கை எழுதியும், பிறகு சில ஆண்டுகள் ஒப்புதல் தரும் இடத்தில் இருந்தும் பார்த்ததில், இதைவிட உறுதியான வழியை நான் கண்டதில்லை.

உங்கள் கொட்டேஷன்களில் என்ன தொகை இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது என்பதால் எடுத்துக்காட்டாகச் சில எண்களை வைத்துக்கொள்கிறேன். அவற்றின் இடத்தில் உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். எட்டு சிஎன்சி மெஷின்களுக்கும் காற்று கொடுப்பது ஒரே 30 எச்.பி. ஸ்க்ரூ கம்ப்ரஸர், மாற்றுக் கம்ப்ரஸர் இல்லை. தயாரிப்பு நிறுவனத்தின் சர்வீஸ் டீலர் ரூ.46,500 கேட்கிறார், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் ரூ.54,870. வெளி மெக்கானிக் கேட்பது ரூ.33,000, வரியோடு ரூ.38,940. ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் கிடையாது. ஆர்டர் போட்டபின் பாகங்கள் வர இரண்டு வேலை நாட்கள் ஆகும். மேலாளர் இந்த வாரம் கோயம்புத்தூரில் இருக்கிறார், மெயிலை ஃபோனில்தான் பார்ப்பார்.

இப்போது நீங்கள் எழுதியதை அவர் கையில் இருக்கும் ஃபோனில் படித்துப் பாருங்கள். யாரிடம், எப்போது என்ற இரண்டு முடிவுகளை அவரிடம் விட்டிருக்கிறீர்கள். முதல் முடிவை எடுக்க அவர் இரண்டு இணைப்புகளைத் திறந்து, சிறிய எழுத்தில் இருக்கும் இரண்டு அட்டவணைகளை ஒப்பிட வேண்டும். இரண்டாவதை எடுக்க உற்பத்தித் திட்டத்தைக் கேட்டறிய வேண்டும். அவரிடம் அப்போது இருப்பதோ ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் இடையில் இரண்டு நிமிடம். பொறுப்புள்ள மேலாளர் அந்த இரண்டு நிமிடத்தில் உங்களிடம் கேள்வி கேட்பார், அல்லது மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைப்பார். ஒதுக்கிவைத்த மெயில் அடியில் போய்விடும். உங்களுக்கு இரண்டு விதமாகவும் நேர்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன். உங்கள் அலுவலகத்தில் மெயில் ஆங்கிலத்தில் போகுமானால், அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

"பொருள்: அனுமதி தேவை, வியாழன் மாலை 4 மணிக்குள் – கம்ப்ரஸர் சர்வீஸ், ரூ.54,870

சார், 30 எச்.பி. கம்ப்ரஸரின் செபரேட்டர், ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் ஆகியவற்றை அக்டோபர் 12 ஞாயிறு காலை 8 முதல் மதியம் 2 மணி வரை, தயாரிப்பு நிறுவனத்தின் சர்வீஸ் டீலரைக் கொண்டு, ஜிஎஸ்டி உட்பட ரூ.54,870 செலவில் மாற்ற அனுமதி கோருகிறேன். 'அனுமதி' என்று மட்டும் பதில் அனுப்பினால் இன்றே பர்ச்சேஸ் ஆர்டர் போகும். 'வேண்டாம்' என்றால் ஆர்டரை நிறுத்திவைத்து, நீங்கள் வந்ததும் நேரில் பேசுகிறேன். அதுவரை கம்ப்ரஸர் இப்போதுள்ள நிலையிலேயே ஓடும்.

காரணம்: கூலரைச் சுத்தம் செய்து, ஆயில் அளவைச் சரிபார்த்த பிறகும் மதிய ஷிஃப்டில் வெப்பநிலை 104 டிகிரி வரை போகிறது, 110-இல் இயந்திரம் தானாக நின்றுவிடும். கடைசி சர்வீஸுக்குப் பிறகு 3,940 மணி நேரம் ஓடியிருக்கிறது. கையேட்டின்படி 4,000 மணி நேரத்தில் இவற்றை மாற்ற வேண்டும்.

வெளி மெக்கானிக் ரூ.38,940 கேட்கிறார். அவர் போடுவது ஒரிஜினல் செபரேட்டர் இல்லை என்பதால் டீலரைப் பரிந்துரைக்கிறேன். செலவு, பராமரிப்பு பட்ஜெட்டில் மீதமிருக்கும் ரூ.1,12,000-இல் அடங்கும். ஞாயிறு ஷிஃப்ட் இல்லை என்று உற்பத்திப் பிரிவில் உறுதி செய்துகொண்டேன். பாகங்கள் சனிக்கிழமை வந்துசேர வேண்டுமானால் வியாழன் மாலை 4 மணிக்குள் ஆர்டர் போக வேண்டும். கொட்டேஷன்கள் இணைப்பில் உள்ளன. முடிவுக்கு அவற்றைத் திறக்க வேண்டியதில்லை."

இது நீங்கள் எழுதியதைவிட ஏழெட்டு மடங்கு நீளம். ஆனாலும் மேலாளருக்கு வேலை குறைவு, ஏனென்றால் முடிவெடுக்கத் தேவையான அனைத்தும் முதல் பத்தியில் முடிந்துவிடுகிறது. மற்றவை ஐயம் எழுந்தால் பார்ப்பதற்காகவே இருக்கின்றன. உங்களை நம்பும் மேலாளர் முதல் பத்தியோடு நிறுத்திக்கொள்வார். புதிதாக வந்தவர் கடைசி வரை படிப்பார். இருவருமே அந்த ஒரு சொல்லில் வந்து முடிக்க முடியும்.

அந்த முதல் வாக்கியம் சரியாக அமைந்திருக்கிறதா என்று அறிய ஒரு சோதனை இருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, முதல் வாக்கியத்தையும் அதன் கீழே "அனுமதி" என்ற சொல்லையும் மட்டும் பர்ச்சேஸில் இருப்பவரிடம் காட்டுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். உங்களிடம் திரும்பி எதையும் கேட்காமல் அவரால் ஆர்டர் போட முடியுமா? "எந்த டீலர்?" "வரி சேர்த்தா, சேர்க்காமலா?" "என்றைக்கு ஆள் வரவேண்டும்?" என்று அவர் கேட்கக்கூடுமானால், அந்த ஒவ்வொரு கேள்வியும் வாக்கியத்தில் விடுபட்ட ஒரு சொல்லைக் காட்டுகிறது. மேலாளரிடமிருந்து உங்களுக்குத் திரும்பி வந்த நான்கு கேள்விகளும் பெரும்பாலும் இந்த வகைதான். பழைய மெயில்களை எடுத்து அவர் என்னென்ன கேட்டார் என்று பாருங்கள். ஒவ்வொரு மேலாளருக்கும் வழக்கமான இரண்டு மூன்று கேள்விகள் இருக்கும். ஒருவர் எப்போதும் பட்ஜெட்டைக் கேட்பார், இன்னொருவர் உற்பத்தி நிற்குமா என்று கேட்பார். உங்களவர் கேட்பது எதுவென்று தெரிந்துகொண்டால் அதற்கு மட்டும் முன்கூட்டியே பதில் வைத்தால் போதும். எல்லோரும் கேட்கக்கூடிய எல்லாவற்றுக்கும் பதில் எழுதத் தொடங்கினால், பதிலே வராத பழைய நிலைக்கே திரும்பிவிடுவீர்கள்.

கூலரைச் சுத்தம் செய்தது பற்றிய வரியையும் கவனியுங்கள். சென்னை வெயிலிலும் ஷெட்டில் பறக்கும் தூசியிலும் கம்ப்ரஸர் சூடாவதற்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது கூலர் அடைப்பு. அதைச் சுத்தம் செய்ய ஏறக்குறைய எந்தச் செலவும் இல்லை. மெஷின் தெரிந்த எந்த மேலாளரும் ஐம்பதாயிரத்துக்கு ஒப்புக்கொள்ளும் முன் "கூலரைப் பார்த்தீர்களா?" என்று கேட்பார், கேட்கவும் வேண்டும். அதை உண்மையிலேயே செய்து பார்க்காமல் எந்தச் சொல்லாட்சியாலும் அந்தக் கேள்வியைத் தடுக்க முடியாது. ஒரு சொல்லில் ஒப்புதல் பெறுவதில் பெரும்பகுதி மெயில் எழுதும் முன்பே, ஷெட்டிலும் உற்பத்திப் பிரிவிலும் அக்கவுண்ட்ஸிலும் முடிய வேண்டிய வேலை.

அடுத்து, "சரி" என்ற சொல்லைப் பற்றி. தமிழில் அது ஒப்புதலையும் குறிக்கும், "கேட்டுக்கொண்டேன்" என்பதையும் குறிக்கும். பேச்சில் குரலை வைத்து இரண்டையும் பிரித்துவிடுகிறோம். எழுத்தில் அது முடிவதில்லை. கட்டைவிரல் படமும் அப்படியே, அது "பார்த்தேன்" என்பதற்கும் வருகிறது, "செய்யுங்கள்" என்பதற்கும் வருகிறது. அதனால்தான் மேலே உள்ள மெயிலில் எந்தச் சொல்லை எதிர்பார்க்கிறேன் என்பதை நானே எழுதிக் கொடுத்தேன். "அனுமதி" என்று கேட்ட இடத்தில் "சரி" என்று வந்தாலும் பொருள் தெளிவாகவே இருக்கும், ஏனென்றால் உங்கள் வாக்கியம் வேறு பொருளுக்கு இடம் விடவில்லை. "சரி, பார்க்கலாம்", "பேசுவோம்", "பார்த்து செய்யுங்கள்" என்று வந்தால் அதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் இரண்டும் தள்ளிவைத்தல். மூன்றாவது, தவறு நேர்ந்தால் உங்கள் தலையில் விழுவது. அப்போது ஒரு வரி மட்டும் திருப்பி எழுதுங்கள்: "சார், ஞாயிறு சர்வீஸுக்கு ரூ.54,870 ஆர்டர் போட இதை உங்கள் அனுமதியாக எடுத்துக்கொள்ளட்டுமா?" இதற்கு "ஆம்" என்று வந்தால் போதுமானது.

எதிர்மறையாகக் கேட்பதும் இதே குழப்பத்தைத் தரும். "ஞாயிறு வைத்துக்கொள்வதில் ஆட்சேபணை உண்டா?" என்ற கேள்விக்குச் "சரி" என்பது பதிலே ஆகாது. "இல்லை" என்று வந்தால், ஆட்சேபணை இல்லையா அல்லது ஞாயிறு வேண்டாமா என்று இரண்டாவது முறை படிக்கும்போது ஐயம் வரும். "செய்யலாமா, வேண்டாமா?" என்பதற்கு "ஓகே" என்று பதில் வந்து நான் திகைத்ததுண்டு. பணிவு கருதி நாம் இப்படிச் சுற்றிக் கேட்கிறோம் என்பது எனக்குத் தெரியும். பணிவை "சார்" என்பதிலும் "கோருகிறேன்" என்பதிலும் வைத்துக்கொள்ளலாம். வினா நேராகவே இருக்கட்டும்.

ஒரே மெயிலில் இரண்டு முடிவுகளைக் கேட்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. ஒரு முறை நான் ஒரு ஜெனரேட்டர் வேலைக்கு, ஞாயிற்றுக்கிழமை செய்வதையும் அதிக விலை கேட்ட ஒப்பந்தக்காரரிடமே கொடுப்பதையும் ஒரே பத்தியில் கேட்டு எழுதினேன். "ஓகே" என்று பதில் வந்தது. இரண்டுக்கும் சேர்த்து என்று எடுத்துக்கொண்டு வேலையை முடித்தேன். மேலாளர் ஞாயிற்றுக்கிழமையை மட்டுமே ஒப்புக்கொண்டிருந்தார். விலையைப் பற்றித் தனியாகப் பேசலாம் என்று நினைத்திருந்தார். அவர் மீது குறை சொல்ல முடியாது, என் பத்தி இரண்டு விதமாகவும் படிக்க இடம் கொடுத்தது. பில் மூன்று வாரம் அக்கவுண்ட்ஸில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை வீட்டை விட்டு வந்து வேலை செய்த அந்த ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு நாளும் எனக்கு ஃபோன் செய்தார். அதன் பிறகு, இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று சார்ந்தவையானால் ஒரே வாக்கியமாகக் கோத்து ஒரே தொகையோடு எழுதுகிறேன். சாராதவையானால் இரண்டு மெயிலாக அனுப்புகிறேன்.

உண்மையிலேயே தேர்வு அவருடையதாக இருக்கும் சமயங்களும் உண்டு. டீலருக்கும் வெளி மெக்கானிக்குக்கும் இடையில் உங்களுக்குத் தெளிவான கருத்து இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது பொய்யாகப் பரிந்துரை செய்யத் தேவையில்லை. ஒவ்வொரு வழியையும் முதல் வாக்கியத்தைப் போலவே முழுமையாக, அதாவது ஆள், நாள், வரி உட்பட்ட தொகை ஆகியவற்றோடு எழுதி, "ஒன்று", "இரண்டு" என்று எண்ணிட்டு, எண்ணை மட்டும் பதிலாகக் கேளுங்கள். அதுவும் ஒரு சொல்தான். ஆனால் மூன்றாவது வழியைச் சேர்க்காதீர்கள். ஃபோனில் மூன்றை ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

இனி தொகை. உங்கள் மேலாளரின் ஒப்புதல் வரம்பு ரூ.50,000 என்று வைத்துக்கொண்டால், இந்தக் கோரிக்கை ஒரு நுட்பமான இடத்தில் நிற்கிறது: வரிக்கு முன் ரூ.46,500 வரம்புக்குள் இருக்கிறது, வரியோடு ரூ.54,870 வரம்பைத் தாண்டுகிறது. வரம்பை எப்படிக் கணக்கிடுவது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அக்கவுண்ட்ஸில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே மெயில் அனுப்புங்கள். வரிக்கு முந்தைய மதிப்புதான் கணக்கு என்றால், "அடிப்படை மதிப்பு ரூ.46,500 என்பதால் உங்கள் வரம்புக்குள் வருகிறது" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த ஐயமே அவரைத் தயங்கவைக்கும். வரியோடு சேர்த்துத்தான் கணக்கு என்றால், அவர் "அனுமதி" என்று எழுதினாலும் அது செல்லாது. அப்போது நீங்கள் கேட்க வேண்டிய சொல் வேறு: "பிளான்ட் ஹெட்டின் அனுமதிக்கு நீங்கள் பரிந்துரைக்க வேண்டுகிறேன். 'பரிந்துரைக்கிறேன்' என்று எழுதி இதே மெயிலை அவருக்கு அனுப்பினால் போதும்." அந்த மெயிலைப் பிளான்ட் ஹெட் முதல் முறையாகப் படிப்பார் என்பதை மனத்தில் வைத்து, "அந்தக் கம்ப்ரஸர்", "போன வாரம் பேசியபடி" போன்ற சொற்களை நீக்கிவிடுங்கள்.

வரம்புக்குள் கொண்டுவருவதற்காகப் பாகங்களுக்கு ஓர் ஆர்டர், கூலிக்கு ஓர் ஆர்டர் என்று பிரிக்கும் யோசனையை யாராவது சொல்வார்கள். ஒரே வேலையை வரம்புக்காகப் பிரிப்பது ஆடிட்டில் குறிப்பாகத் தேடப்படும் தவறு. அதில் மாட்டிக்கொள்வது நீங்கள் மட்டுமல்ல, நம்பி "அனுமதி" என்று எழுதிக் கொடுத்தவரும்தான்.

"வியாழன் 4 மணிக்குள் பதில் வராவிட்டால் ஆர்டர் போட்டுவிடுகிறேன்" என்று எழுதலாமா என்று அடுத்துக் கேட்கத் தோன்றும். பணம் சம்பந்தப்பட்ட எதற்கும் கூடாது என்பதே என் கருத்து. மௌனம் ஒரு சொல் அல்ல. அவருக்கு மெயில் போய்ச் சேர்ந்ததா என்பதைக்கூட அது காட்டாது. உங்கள் அதிகாரத்துக்கு உட்பட்ட, திரும்பப் பெறக்கூடிய சிறு விஷயங்களுக்கு, உதாரணமாக கூலரைச் சுத்தம் செய்ய மதிய இடைவேளையில் கம்ப்ரஸரை அரை மணி நேரம் நிறுத்துவதற்கு, அப்படி எழுதலாம். ஆர்டருக்கு, 3 மணிக்கு ஃபோன் செய்து, "சார், கம்ப்ரஸர் மெயிலுக்கு ஒரு வார்த்தை வேண்டும், 4 மணிக்கு டீலர் ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிடுவார்" என்று சொல்லுங்கள். அவர் ஃபோனிலேயே ஒப்புக்கொண்டால், உடனே அதே மெயில் இழையில் "3.10-க்கு ஃபோனில் பேசியபடி, உங்கள் அனுமதியுடன் ஆர்டர் போடுகிறேன்" என்று எழுதி அனுப்பிவிடுங்கள். வரம்புக்கு உட்பட்ட தொகையானால், அவர் பிறகு "ஆம்" என்று எழுதும்வரை அதுவே பதிவு.

ஒப்புதல் வந்த பிறகு இரண்டு காரியங்கள் இருக்கின்றன. ஆர்டரை அனுப்பும்போது புது மெயில் தொடங்காமல், அவருடைய பதிலுக்கு மேலேயே எழுதுங்கள்; உங்கள் வாக்கியமும் அவருடைய சொல்லும் ஒரே இழையில் சேர்ந்திருந்தால்தான் அக்கவுண்ட்ஸுக்கு அது சான்று. அந்த ஒற்றைச் சொல்லைத் தனியாக எடுத்தால் அதற்கு எந்த மதிப்பும் இல்லை. இரண்டாவது, வேலை நீங்கள் எழுதியபடி நடக்காவிட்டால், பழைய அனுமதியின் பெயரில் தொடராதீர்கள். ஞாயிறு செபரேட்டரைக் கழற்றிப் பார்த்தபோது தெர்மோஸ்டாட் வால்வும் போயிருக்கிறது, இன்னும் ரூ.3,000 ஆகும் என்று டீலரின் ஆள் சொன்னால், அது அவர் கையெழுத்திட்ட வாக்கியத்தில் இல்லை. மெஷின் திறந்து கிடக்கும் நிலையிலேயே இன்னொரு சிறு மெயில் போக வேண்டும்: "தெர்மோஸ்டாட் வால்வும் பழுது. இன்றே மாற்ற வரியுடன் கூடுதலாக ரூ.3,540 ஆகும், மொத்தம் ரூ.58,410. அனுமதித்தால் 2 மணிக்குள் வேலை முடியும். இல்லாவிட்டால் பழைய வால்வையே பொருத்தி ஓட்டுகிறோம், சூடாவது முழுவதும் தீராது." ஞாயிறு என்றாலும் இதற்குப் பதில் எழுத அவருக்குப் பத்து நொடிதான் ஆகும். இதைச் சனிக்கிழமையே எதிர்பார்த்து, "திறந்த பிறகு கூடுதல் பழுது தெரியலாம், அப்படித் தெரிந்தால் ஞாயிறு காலை 10 மணி அளவில் உங்களுக்கு எழுதுவேன்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால், அவர் ஃபோனைக் கையருகே வைத்திருப்பார்.